போனுக்குத் திதி தெரியாது: கேட்காமல் வரும் பழைய படங்களை நிறுத்துவது எப்படி

இறந்தவருக்கு முதல் வருடத் திதி கொடுக்கும் வீடு அந்த நாளுக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. ஐயரிடம் சொல்லியாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அழுதால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கும். ஆனால் போன் பார்ப்பது ஆங்கிலத் தேதியை. திதியும் தேதியும் சில வருடங்களில் பத்துப் பதினைந்து நாள்கூட விலகும். அதனால் யாரும் எதிர்பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "ஒரு வருடத்துக்கு முன்பு இதே நாள்" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த படம் வந்து நிற்கும்.

துக்கத்தோடு வருபவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கும் முதல் சந்திப்பிலேயே போனில் என்ன வருகிறது என்றும் கேட்டுவிடுவேன். நாமாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. "போய் இதையெல்லாம் ஒரு பிரச்சினைன்னு சொல்றதா மேடம்" என்று கூச்சப்படுகிறார்கள்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் பில் போடுபவர், நாற்பதைத் தொடும் வயது. கணவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை, கடை திறந்த நேரத்தில், போனில் ஒரு வீடியோ. பழைய கொடைக்கானல் பயணத்தின் படங்களைப் போன் தானாகவே கோத்து, துள்ளலான இசையும் சேர்த்து வைத்திருந்தது. கவுன்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தம்பி போனை வாங்கி எதையோ அணைத்துக் கொடுத்தார். அடுத்த வாரமும் வந்தது. கடைசியில் ஒரு நள்ளிரவில் அந்த வருடப் படங்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டார். அப்பாவின் குரல் இருந்த வீடியோவும் அதோடு போய்விட்டது என்று காலையில் மகளுக்குத் தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை. அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

இந்த நிலையில் முதலில் போக வேண்டிய இடம் குப்பைத்தொட்டி. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால், போனிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும். ஆனால் அது 60 நாள் Trash அல்லது Bin என்ற பகுதியில் கிடக்கும். ஐபோனில் Recently Deleted என்ற இடத்தில் 30 நாள். அவர் வந்தது மூன்றாம் வாரத்தில் என்பதால் எல்லாவற்றையும் மீட்க முடிந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் எதையும் அழிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இந்த மாதிரி இரவுகளை மனதில் வைத்துத்தான். வராமல் மறைத்து வைக்க வழி இருக்கும்போது அழிப்பதற்கு அவசரமே இல்லை.

மறைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று முகம், இன்னொன்று தேதி. பெரும்பாலானவர்கள் முகத்தை மட்டும் மறைத்துவிட்டு, இன்னும் வருகிறதே என்று தவிக்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கைகொடுப்பது தேதிதான். இரண்டையும் அவர் போனிலேயே உட்கார்ந்து செய்தோம்.

கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் சுயவிவரப் படத்தைத் தொட்டு, Photos settings, அதில் Preferences, அதில் Memories என்று போக வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு வரிசை கொஞ்சம் மாறலாம், ஆனால் Memories என்ற சொல்லைத் தேடினால் சிக்கிவிடும். அங்கே Hide people & pets என்பதைத் தொட்டால் போன் இனம் பிரித்து வைத்திருக்கும் முகங்கள் வரிசையாக வரும். அவர் கணவருக்கு அதில் ஒரு முகம் இல்லை, மூன்று இருந்தன. மீசையோடு இருந்த காலத்து முகம் ஒன்று. நோயில் இளைத்து, மழித்த முகம் இன்னொன்று. மூன்றாவது, மாலை போட்டுச் சுவரில் மாட்டிய படத்தைப் பிறகு யாரோ போனில் எடுத்தது. போனைப் பொறுத்தவரை இவர்கள் மூன்று பேர். தம்பி ஒருவரை மட்டும் மறைத்திருக்கிறார், மற்ற இருவரும் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஆகவே பட்டியலைக் கடைசி வரை உருட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலே வரவில்லை என்றால் முகங்களைக் குழுவாக்கும் வசதி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அது அணைந்திருந்தால் முகத்தை வைத்து மறைக்கவும் முடியாது.

முகத்தை மறைப்பதால் தீராதது என்ன? முகமே இல்லாத படங்கள். டிரிப்ஸ் பாட்டில், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துக் கடையில் காட்டுவதற்காக எடுத்த மாத்திரை அட்டை, ஆஸ்பத்திரி பில், வாசலில் போட்ட பந்தல். நோயாளியோடு இருப்பவர்கள் இந்தப் படங்களைத்தான் நிறைய எடுக்கிறார்கள். பார்ப்பவருக்கோ முகத்தைப் பார்ப்பதைவிட இவை சில சமயம் அதிகம் வலிக்கும். அந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அந்த வார்டின் வாசனையே வந்துவிடுகிறது என்றார் அவர்.

இதற்குத்தான் அதே பக்கத்தில் Hide dates இருக்கிறது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் கொடுத்தால் அந்த இடைவெளியில் எடுத்த படங்கள் நினைவுகளில் வராது. பலரும் இறந்த நாளை மட்டும் கொடுக்கிறார்கள். அது போதாது. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வரை கொடுங்கள். சிகிச்சை நீண்டதாக இருந்தால் தொடக்கத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள். மணமுறிவு என்றால் கல்யாண நாளை ஒட்டிய வாரம், கரு கலைந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்த மாதங்கள் என்று அவரவர் காலண்டர் வேறு.

இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் எடுத்த தேதியைச் சுமந்து வருவதில்லை. உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நாளே அவற்றின் தேதியாகிவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைச் சித்தப்பா மகன் போன மாதம் அனுப்பியிருந்தால், போன் அதைப் போன மாதப் படமாகத்தான் எண்ணும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள், வெளியூரில் இருந்தவர்கள் கேட்டதால் மறுபடி சுற்றிய இறுதி ஊர்வலப் படங்கள் எல்லாம் இப்படி நீங்கள் மறைத்த தேதிகளுக்கு வெளியே போய் விழும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Chats என்பதற்குள் Media visibility என்பதை அணைத்தால் இனி வருபவை கேலரிக்குள் வராது. ஏற்கெனவே வந்தவை அங்கேயேதான் இருக்கும். கூகுள் போட்டோஸின் பேக்கப் அமைப்பில் வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரையும் அணைத்துவிடுவது நல்லது. ரொம்பவும் வலிக்கிற சில படங்களை மட்டும் Locked Folder என்ற பூட்டிய ஃபோல்டருக்கு மாற்றலாம். அதில் இருப்பவை நினைவுகளில் வராது, தேடினாலும் வராது. ஆனால் அந்த ஃபோல்டர் பேக்கப் ஆகாமல் இருந்து நீங்கள் ஆப்பை நீக்கினால், உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும். மாற்றும் முன் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

தம்பி அணைத்த பிறகும் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தப் படங்கள் ஒரே வழியாக வருவதில்லை. கூகுள் ஒரு வழி, போன் கம்பெனியின் சொந்த கேலரி இன்னொன்று, ஃபேஸ்புக் மூன்றாவது, முகப்புத் திரையில் வைத்திருக்கும் புகைப்பட விட்ஜெட் நான்காவது. சாம்சங் கேலரி தானாகக் கதைகள் தொகுக்கும், அதை அதன் செட்டிங்ஸில் நிறுத்தலாம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் Photos பகுதியில் Show Featured Content என்பதை அணைத்தால் நினைவுத் தொகுப்புகளும் விட்ஜெட் படங்களும் சேர்ந்தே நிற்கும். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், ஒருவர் மட்டும் வராமல் இருந்தால் போதும் என்பவர்கள், அங்கே ஒருவரின் முகத் தொகுப்பைத் திறந்து அவரைக் குறைவாகக் காட்டச் சொல்லலாம், காட்டவே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஃபேஸ்புக்கில் Memories பக்கத்தின் அமைப்புகளில் Hide People, Hide Dates இரண்டும் உண்டு, அறிவிப்பை None என்று வைக்கவும் முடியும். எது அனுப்புகிறது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை அறிவிப்பு வரும்போது தட்டாமல் அதை அழுத்திப் பிடியுங்கள். எந்த ஆப் என்று காட்டும், அங்கேயே அணைக்கவும் முடியும்.

ஃபேஸ்புக்கில் இப்படிப்பட்ட வசதிகள் வருவதற்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். எரிக் மேயர் என்ற வலைத்தள வடிவமைப்பாளர் 2014-இல் தன் ஆறு வயது மகளை மூளைக் கட்டியால் இழந்தார். அந்த டிசம்பரில் ஃபேஸ்புக், உங்கள் வருடம் எப்படிப் போனது பாருங்கள் என்று, மகளின் படத்தைச் சுற்றிக் கொண்டாட்ட ஓவியங்களோடு அவர் முன் வைத்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நல்ல வருடம் கண்ட பெரும்பான்மையை நினைத்து எழுதிய நிரல் இது என்று அவரே எழுதினார். படத்தை முதலிலேயே காட்டாதீர்கள், பார்க்க விருப்பமா என்று கேளுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வு. ஃபேஸ்புக் தரப்பில் மன்னிப்புக் கேட்டார்கள். இன்றும் பெரும்பாலான ஆப்கள் கேட்டுவிட்டுக் காட்டுவதில்லை என்பது என் வருத்தம். காட்டியதை மறைக்கும் வேலையை, அதற்குத் தெம்பே இல்லாத நேரத்தில், நம்மிடம் தள்ளிவிடுகிறார்கள்.

இப்படி மறைப்பது துக்கத்திலிருந்து ஓடுவது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்து அழுவது வேறு, பில் கவுன்டரில் அது வந்து மேலே விழுவது வேறு. முன்னதில் நேரமும் துணையும் உங்கள் கையில். அதனால் மறைத்த கையோடு, தாங்களே பொறுக்கிய இருபது முப்பது படங்களும் அந்தக் குரல் வீடியோவும் கொண்ட ஒரு ஆல்பத்தையும் போடச் சொல்வேன். எல்லாப் படத்தையும் ஒளித்துவிட்டு, பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறார், வேலைக்குப் போக முடியவில்லை, ஆறு மாதம் தாண்டியும் அப்படியே இருக்கிறது என்றால் அது போன் அமைப்பு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று, அடுத்தவர் போனில் கேட்காமல் கை வைக்காதீர்கள். அம்மா அழுகிறார் என்று மகன் எல்லாவற்றையும் அணைத்துவிட, தினமும் காலையில் அப்பா முகம் வருவதற்காகவே அம்மா போனை எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்த வீடுகள் உண்டு. இந்த அமைப்பு கணக்கு வாரியானது. அம்மா போனில் மறைத்தது மகள் கணக்கில் தொடர்ந்து வரும், மகள் அதை வீட்டு குரூப்பில் போடவும் செய்வாள். வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து யாருக்கு எது வேண்டும் என்று பேசிவிடுவது நல்லது.

மறைத்தது எதுவும் நிரந்தரமில்லை. அதே பட்டியலில் அந்த முகத்தைத் தொட்டால் மறுபடி வரத் தொடங்கும். ஜவுளிக்கடைக்காரர் இரண்டாம் வருடத் திதி முடிந்ததும் மீசை வைத்த முகத்தை மட்டும் திரும்ப வரவிட்டார். ஆஸ்பத்திரித் தேதிகளை இன்னும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.