ஹேண்ட் ஓவர்: ஒப்படைத்தலும் ஒப்பித்தலும்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தயாரிக்கும் ஒரு யூனிட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். மாங்கூழ் என்று எழுதுகிறேனே தவிர, இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, பல்ப் என்றுதான் சொல்வார்கள். அதே மாதிரி, வேலையை விட்டுப் போகிறவர் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ‘ஹேண்ட் ஓவர் நோட்’ என்று பெயர். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது ‘கே.டி.’. இது ஐ.டி. கம்பெனிகளின் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ சுருங்கி, பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. “புதுப் பையனுக்கு நாலு நாள் கே.டி.” என்று மேனேஜர் சொன்னபோது எங்கள் வாட்ச்மேன் பெரியவர் திகைத்துப்போனார். அவருக்குத் தெரிந்த கேடி போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் இருக்கிறவன்.

இதற்குத் தமிழ்ச் சொல் தேடினால் முதலில் கண்ணில் படுவது கவர்ன்மென்ட் ஆபீஸ் வழக்கு. அங்கே தாசில்தார் மாறினாலும் கிளார்க் மாறினாலும் சார்ஜ் கொடுப்பார்கள், சார்ஜ் எடுப்பார்கள். எழுத்தில் அது ‘பொறுப்பு ஒப்படைப்பு’, ‘பொறுப்பேற்பு’. கிராமக் கணக்கு, பதிவேடு, முத்திரை, சாவி என்று எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு அந்த முறை போதும்.

‘ஹேண்ட் ஓவர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘கைமாற்று’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். நம் ஊரில் கைமாற்று என்றால் சம்பளத் தேதி வரைக்கும் வாங்கும் கடன். ‘கைமாற்றுக் குறிப்பு’ என்று தலைப்புப் போட்டால், யார் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற பட்டியலைத்தான் எதிர்பார்ப்பார்கள். இலங்கைத் தமிழில் ‘கையளிப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அது நம் பேச்சில் இல்லை, எழுதினால் மேடையில் விருது கொடுப்பது போலக் கேட்கிறது.

ஆகவே ‘ஒப்படைப்பு’ என்பதிலேயே நிற்கலாம். அந்தச் சொல்லின் முன்னால் ‘ஒப்பு’ நிற்கிறது. ஒப்புக்கொள்வது, ஒப்பிடுவது, ஒப்பம் இடுவது எல்லாம் அந்தக் குடும்பம்தான். இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குவதால் இதன் உறவுக்காரர்களும் காதில் விழுவார்கள். கன்னடத்தில் ‘ஒப்பு’ என்றால் சம்மதி, ‘ஒப்பிசு’ என்றால் ஒப்படை. தெலுங்கில் ‘ஒப்பகிஞ்சு’, ‘அப்பகிஞ்சு’ என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். தெலுங்குக் கல்யாணத்தில் பெண்ணைப் புகுந்த வீட்டாரிடம் ஒப்படைக்கும் சடங்கின் பெயரே ‘அப்பகிந்தலு’. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் சாவிக்கொத்தைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழிலும் இன்னொரு உறவு இருக்கிறது: ஒப்பித்தல். வாய்ப்பாட்டை, செய்யுளை வாத்தியாரிடம் திருப்பிச் சொல்வது. சொல்லிக்கொடுத்தவரிடமே பாடத்தைத் திரும்ப ஒப்படைக்கிறோம் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பள்ளிக்கூட மனப்பாடத்தோடு சேர்ந்து அந்தச் சொல்லின் மதிப்பு குறைந்துவிட்டது. ஆனால் ஹேண்ட் ஓவர் எங்கே கோட்டை விடுகிறது என்று பார்த்தால், இந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

எங்கள் யூனிட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

பெங்களூரா மாம்பழம் வரத்து சூடுபிடிக்கும் நேரம். மே 20ஆம் தேதி புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் அண்ணன் கடிதம் கொடுத்தார். சித்தூர் பக்கம் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, 31ஆம் தேதியோடு நின்றுகொள்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை போக மீதி நாள் பத்துக்கும் குறைவு. பதினோரு சீசன் பார்த்தவர். அவர் இடத்துக்கு, லேபில் இரண்டு வருஷம் இருந்த தம்பியைப் போட்டார்கள்.

அண்ணன் பொறுப்பானவர். இரண்டே நாளில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். பல்ப்பர் சல்லடை எந்த ரேக்கில் இருக்கிறது, ஸ்டெரிலைசர் பழுதானால் யாருக்கு போன் போட வேண்டும், டிரம் சப்ளையர் நம்பர், சாவிகள். நல்ல ஒப்படைப்புக் குறிப்பு. அதை நான் ஃபைலில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதலில் மாட்டியது குறிப்பில் இல்லாத ஒரு விஷயம், அதுவும் என் பக்கம்தான். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான ஆன்லைன் கணக்கில் அண்ணனின் செல் நம்பர் கொடுத்திருந்தோம். எப்போதோ அவசரத்தில் செய்தது. பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. நம்பரை மாற்றப் போனால் பழைய நம்பருக்கே ஓடிபி போகிறது. ஆள் கூட இருக்கும்போது இரண்டு நிமிஷ வேலை. அவர் போன பிறகு என்றால் கடிதம், விண்ணப்பம், காத்திருப்பு. அன்றே உட்கார்ந்து மின் இணைப்பு, ஈ-வே பில், பேங்க் எஸ்.எம்.எஸ். என்று எது எது யார் செல்லுக்குப் போகிறது என்று பார்த்தோம். இன்னும் இரண்டு அகப்பட்டன. குறுகிய நோட்டீஸில் ஒருவர் போனால் நான் இப்போது முதலில் கேட்பது பாஸ்வேர்டு இல்லை, ஓடிபி எங்கே போகிறது என்பதைத்தான்.

கொடுக்கவே முடியாதவையும் உண்டு. பாய்லரைப் பார்த்துக்கொள்ள அதற்கான தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும். நாற்பது பக்கம் குறிப்பு எழுதினாலும் அது சான்றிதழ் ஆகாது. நல்லவேளை, எங்கள் பாய்லர் ஆள் வேறொருவர்.

அடுத்தது பழம். குறிப்பில் அண்ணன் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘காய் பார்த்து இறக்கவும்.’ தம்பி கேட்டான், “எப்படிண்ணா பார்க்கிறது?”

“பார்த்தா தெரியும்டா. வாசனை இருக்குமில்ல?”

இதை அவர் மறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் சொல்ல வந்தது. சொல்லத் தெரிந்ததைவிட அதிகமாகக் கைக்குத் தெரிந்திருக்கும் இந்த அறிவைப் பற்றி மைக்கேல் போலனி என்ற அறிஞர் 1950, 60களில் எழுதினார். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் ‘டாசிட்’, லத்தீனில் ‘பேசாத’ என்று பொருள். தமிழில் ‘உள்ளுறை அறிவு’ என்று சொல்லலாம். சொல்லாமல் உள்ளே வைத்த பொருளைத் தொல்காப்பியம் உள்ளுறை என்று சொல்வதால் பொருத்தமான பெயர்தான். ஆனாலும் எங்கள் ஷெட்டில் ‘பதம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். பாகு பதம், மண் பதம் மாதிரி.

காய்ப் பதம் தவறினால் என்ன ஆகும்? முற்றாமல் பறித்த காயையும் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு மஞ்சளாக்கிவிடும். நிறம் வந்துவிடும், இனிப்பு வராது. பெங்களூரா கூழுக்கு வாங்குபவர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 14 பிரிக்ஸ், அதாவது ஒளிவிலகல்மானி என்ற கருவியில் பார்க்கும், பெரும்பாலும் சர்க்கரையான கரைபொருளின் அளவு. இளங்காய் கலந்தால் அது 12, 12.5 என்று நிற்கும், புளிப்பும் தூக்கும். லேபில் அளந்து தெரியும்போது பழம் கூழாகிவிட்டிருக்கும். லாரியில் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

ஆகவே தம்பியிடம் அண்ணனைக் கேள்வி கேட்காதே, ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே போ, கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுது என்றோம். முதல் நாள் மாலையே அவன் ஓடி வந்தான். எடை மேடை அருகில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அண்ணன் டிரைவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கிரேட்டிலிருந்து ஐந்தாறு காயை எடுத்து அதில் போடுகிறார், மிதக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார், அப்புறம்தான் “இறக்கு” என்கிறார். ஐந்து லாரிக்கும் அதே மாதிரி. முற்றிய மாங்காய் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அமிழும். இளசு மிதக்கும். முதிர்ச்சி பார்க்க இது பழைய வழிதான். ஆனால் அண்ணனிடம் சொன்னபோது, “நான் கை கழுவுறேன்னு நினைச்சேன்டா” என்று சிரித்தார். பதினோரு சீசனாகச் செய்கிற வேலை, அவருக்கே தெரியாது.

பழுத்த பிறகு பார்க்கும் பதத்துக்கு வேறு வழி செய்தோம். பழுக்க வைத்த ரேக்கிலிருந்து இருபது பழம் எடுத்து நம்பர் ஒட்டினோம். அண்ணன் ஒவ்வொன்றையும் முகர்ந்து, காம்புப் பக்கம் அழுத்தி ‘ஆகும்’, ‘ஆகாது’ என்று தாளில் எழுத வேண்டும். தம்பி தனியாக எழுத வேண்டும். பிறகு அறுத்து பிரிக்ஸ் பார்த்தோம். அண்ணன் சொன்னது பதினெட்டில் ஒத்துப்போனது, தம்பி பதினொன்றில். தவறிய ஒன்பதை மட்டும் இருவரும் மறுபடி கையில் எடுத்துப் பேசினார்கள். “இது தோல் மட்டும்தான் மஞ்சள், அழுத்தினா உள்ளே கட்டையா நிக்குது பாரு” என்பது போன்ற வாக்கியங்கள் அப்போதுதான் அண்ணன் வாயிலிருந்து வந்தன. குறிப்பு எழுது என்று நாலு நாள் உட்கார வைத்திருந்தாலும் வந்திருக்காது. தினம் இருபது பழம் வைத்து, ஐந்தாம் நாள் தம்பிக்குப் பதினாறு வந்தது. பதினெட்டுக்கு ஒரு முழு சீசன் வேண்டும், ஒரு வாரத்தில் வராது.

கடைசி மூன்று நாள் இடம் மாற்றினோம். தம்பி லைனை ஓட்டினான், அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயங்காலம் தம்பி தன் நோட்டைப் பார்க்காமல் அன்று செய்ததையும் ஏன் செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும், அண்ணன் திருத்த வேண்டும். ஐ.டி.யில் இதை ‘ரிவர்ஸ் கே.டி.’ என்கிறார்கள். ‘தலைகீழ் அறிவு மாற்றம்’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் விளங்காது. நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ‘ஒப்பித்தல்’ போதும்.

கே.டி.க்கும் ஒரு சொல் முடிவு செய்துவிடலாம். ‘அறிவு மாற்றம்’ என்றால் புத்தி மாறிவிட்டது போல இருக்கிறது. ‘மாற்றல்’ கவர்ன்மென்ட் ஆர்டர். ‘கடத்தல்’ என்று எழுதினால் செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். புழக்கத்தில் இருக்கும் ‘அறிவுப் பரிமாற்றம்’ டிரான்ஸ்ஃபருக்கு நேர்ச் சொல் இல்லை, பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் போய் வருவது. ஆனால் நடப்பதும் அதுதான் என்பதால் எனக்கு அது சரியாகவே படுகிறது. தாளுக்கு ‘ஒப்படைப்புக் குறிப்பு’, மொத்த வேலைக்கு ‘பொறுப்பு ஒப்படைப்பு’.

31ஆம் தேதி சாயங்காலம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஃபைலில் வைத்தது அண்ணனின் நாலு பக்கத்தை அல்ல, தம்பியின் நோட்டை, அண்ணன் சிவப்புப் பேனாவில் திருத்தியதை. முதல் பக்கத்தில் தம்பி எழுதியிருந்தான்: ‘லாரி வந்ததும் ஆறு காய் தொட்டியில் போடு.’ பக்கத்தில் சிவப்பில், ‘மேல் கிரேட்டில் எடுக்காதே, அடியில் எடு.’