மரை: நாலரைச் சுற்றில் நின்ற நட்டு

பட்டறையில் "மரை போட்டுக் குடு" என்பார்கள். குழாய்க்காரர் "மரை தேய்ஞ்சிடுச்சு" என்று கையை விரிப்பார். கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் பேசுகிறவரை "மரை கழன்ற ஆள்" என்போம். ஆங்கிலத்தில் திரெட் என்று சொல்லும் அந்தச் சுருள் வரப்புக்கு நம் வாயில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது, அதுதான் மரை. பேச்சில் ர, ற வேறுபாடு மங்கிவிட்டதால் பலர் 'மறை' என்று எழுதுகிறார்கள். அகராதி எழுத்து மரை. மரையாணி என்பதும் அதிலிருந்து வந்ததே.

சிக்கல் என்னவென்றால் இந்த ஒரு சொல்லை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறோம்: வரப்புக்கு, அதன் ஒரு சுற்றுக்கு, சில ஊர்களில் நட்டுக்கும். பழைய ஆணியைக் கழற்ற இது போதும். 3டி பிரிண்டரில் ஒரு போல்ட்டையும் அதற்கேற்ற நட்டையும் வரைந்து அச்சிட்டுப் பூட்ட வேண்டும் என்றால் போதாது. எனக்குப் போதவில்லை.

ஆங்கிலத் திரெட் முதலில் நூல்தான். அதன் வேர்ச்சொல்லின் பொருள் முறுக்குதல். முறுக்கிய நூல் என்ற பொருளிலிருந்து ஆணியைச் சுற்றி ஓடும் வரப்புக்கு வந்தது. தமிழில் அதே வழியில் நடந்த சொல் புரி. முப்புரி நூல், கயிற்றின் புரி என்று இழைக்கும் முறுக்குக்கும் அதுவே பெயர். அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: வரப்பு முழுவதும் மரை, அதன் ஒரு சுற்று புரி, ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்குள்ள தூரம் புரியிடை. போல்ட்டில் இருப்பது வெளிமரை, நட்டில் இருப்பது உள்மரை. போல்ட்டுக்கு மரையாணி. நட்டுக்கு என் தேர்வு சுரை, உட்டுளை என்ற பழம்பொருள் அதற்கு உண்டு. கடையில் போய்ச் சுரை கேட்டால் காய்கறிக் கடைக்கு வழி சொல்வார்கள் என்பதால் கீழே நட்டு என்றே எழுதுகிறேன்.

புரி என்றதும் வலம்புரி நினைவுக்கு வரும். வழக்கமான வலக்கை மரையை 'வலம்புரி மரை' என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லக் கூடாது. வலம்புரிச் சங்கின் முறுக்கு விலங்கியல் கணக்கில் இடப்பக்கச் சுருள். நாம் சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறை வேறு என்பதால் பெயர் மாறியிருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டின் முறுக்கு, சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்கின் முறுக்கே! ஆகவே வலக்கை மரை, இடக்கை மரை என்பதே பாதுகாப்பு. போல்ட்டை நிமிர்த்திப் பிடியுங்கள். முன்பக்க வரப்பு வலப்பக்கம் நோக்கி மேலேறினால் அது வலக்கை மரை. அச்சுக்கு அனுப்பும் மென்பொருளில் ஒரு பொருளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் அது இடக்கை மரையாகிவிடும். போல்ட்டை மட்டும் அப்படித் திருப்பினால் நட்டு ஒரு சுற்றுகூட ஏறாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். M16 போல்ட் ஒன்றை வரைந்தேன். M என்பது மெட்ரிக், 16 என்பது மி.மீ. கணக்கில் வெளிவிட்டம். இந்த அளவுக்கு வழக்கமான புரியிடை 2 மி.மீ. நட்டின் உயரம் 13. போல்ட்டும் நட்டும் வரைபடத்தில் அச்சு அசலாகப் பொருந்தின. அங்கேதான் தப்பு: பிரிண்டரிலிருந்து வரும் உருகிய பிளாஸ்டிக் இழை கொஞ்சம் பிதுங்கும், துளைகள் வரைந்ததைவிடச் சிறுத்தே வரும். நட்டு ஏறவில்லை. உடனே நட்டை எல்லாத் திசையிலும் 102 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மறுபடி அச்சிட்டேன். இப்போது அழகாக ஏறியது. நாலு சுற்று ஏறி, அப்புறம் இறுகி நின்றுவிட்டது.

நின்றது ஏன் என்பதைப் புரியிடை என்ற சொல் விளக்கிவிடும். 102 சதவீதமாக்கியதில் விட்டத்தில் 0.32 மி.மீ. கிடைத்தது, அதாவது பக்கத்துக்கு 0.16. மரையின் சரிவு 30 பாகையில் இருப்பதால் போல்ட்டின் நீளவாக்கில் அது பக்கத்துக்கு 0.09 தான், இரு பக்கமும் சேர்த்து சுமார் 0.18. அதே நேரம் நட்டின் புரியிடையும் 2.04 ஆகிவிட்டது. ஒவ்வொரு புரிக்கும் 0.04 பிசகு சேர்கிறது. நாலரைப் புரி மாட்டியதும் கையிருப்பில் இருந்த 0.18 தீர்ந்துபோகிறது. நட்டில் ஆறரைப் புரி இருக்கிறது. முதலில் லேசாக ஏறி வரவர இறுகினால் புரியிடைப் பிசகு. தொடக்கத்திலேயே ஏறாவிட்டால் இடைவெளிக் குறை, அல்லது முதல் அடுக்கு தட்டில் நசுங்கி அகன்றிருக்கும். அந்த நசுங்கலுக்கு விளிம்பில் 1 மி.மீ. சரிவு வெட்டிவிட்டால் போதும்.

ஆகவே நட்டை நீள அகலத்தில் மட்டும் பெரிதாக்கலாம், உயரத்தைத் தொடக் கூடாது. அதைவிட, வரையும்போதே இடைவெளி விடுவது மேல். நிரல் எழுதி உருவம் வரையும் OpenSCAD மென்பொருளில், BOSL2 என்ற துணைத் தொகுப்பை வைத்து நான் எழுதுவது இது:

```
include <BOSL2/std.scad>
include <BOSL2/threading.scad>
$fn = 64;
threaded_rod(d=16, l=30, pitch=2, bevel=true, anchor=BOTTOM);
right(40) threaded_nut(nutwidth=24, id=16,
  h=13, pitch=2, $slop=0.1, anchor=BOTTOM);
```

`$slop` மதிப்பின் நாலு மடங்கு உள்மரையின் விட்டத்தில் கூடும், இங்கே 0.4 மி.மீ. புரியிடை அப்படியே 2 தான். 0.4 தாராளம் என்று தோன்றும். ஆனால் சரிவுக்குச் செங்குத்தாக அளந்தால் உண்மையில் கிடைப்பது 0.1 தான்.

அந்தச் சரிவு இன்னொரு தொல்லையும் தரும். மெட்ரிக் மரையின் பள்ளம் 60 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்த கோணமும் அதுவே. கடைசல் எந்திரத்துக்கு அது வசதி. கீழிருந்து மேலாக அடுக்கும் பிரிண்டருக்கு அல்ல. நிமிர்த்தி அச்சிடும் போல்ட்டில் புரியின் அடிப்பக்கம் தொங்கியபடி வளர வேண்டும். அடுக்கின் உயரம் 0.2 என்றால் ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கைத் தாண்டி 0.35 மி.மீ. நீட்ட வேண்டும். பிரிண்டரின் 0.4 மி.மீ. முனையில் வரும் இழையின் அகலமே சுமார் 0.45. முக்கால் பங்கு அந்தரத்தில் நிற்கிறது. அதனால்தான் புரியின் அடி சொரசொரப்பாக இருக்கிறது. அடுக்கை 0.12 ஆக்கினால் நீட்டல் 0.21-க்கு இறங்கிவிடும், பாதி இழைக்குமேல் தாங்கல் கிடைக்கும். கடைப் போல்ட்டோடு பொருந்த வேண்டியதில்லை என்றால் பள்ளத்தையே 90 பாகையாக வரையலாம்.

நிமிர்த்தி அச்சிட்ட போல்ட் மரைக்கு நல்லது, இழுவைக்கு அல்ல. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தலைக்குக் கீழே அடுக்கோடு அடுக்காகப் பிட்டுக்கொண்டு வரும். கையால் முடுக்கும் மூடிக்கும் தாங்கிக்கும் தாங்கும், அவ்வளவே.

சோதனைக்கு 5 மி.மீ. உயர நட்டு ஒன்றை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம். இடைவெளியைச் சோதிக்க அது சரி. என் 102 சதவீத நட்டை அப்படிச் சோதித்திருந்தால் இரண்டரைப் புரி மட்டுமே மாட்டியிருக்கும், வெண்ணெயாக ஏறியிருக்கும். புரியிடையைச் சோதிக்க முழு 13 மி.மீ. வேண்டும்.