‘டைடி டேட்டா’ தூய தரவு அல்ல

தர்மபுரியில் நடக்கும் கணினிப் பயிற்சிகளின் கையேடுகளில் ‘டைடி டேட்டா’ என்பதற்குத் ‘தூய தரவு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வகுப்பிலும் அப்படியே சொல்லித் தருகிறார்கள். இது பொருளையே மாற்றிவிடும் பிழை.

‘டைடி’ என்ற ஆங்கிலச் சொல் காலத்தைக் குறித்த பழைய ‘டைட்’ என்பதிலிருந்து வந்தது. முதலில் ‘உரிய காலத்தில் அமைந்தது’ என்று பொருள்பட்டு, பிறகு ‘ஒழுங்காக வைக்கப்பட்டது’ என்றானது. அழுக்கு நீக்குவது அதன் வேரில் இல்லை. தரவுக்கு இந்தச் சொல்லை நிலைநாட்டியது புள்ளியியலாளர் ஹாட்லி விக்கம் 2014-இல் வெளியிட்ட கட்டுரை. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வகை அலகுக்கும் ஓர் அட்டவணை என்பது அவர் வகுத்த முறை. தரவைத் தூய்மையாக்கும் வேலையில் இது ஒரு சிறு பகுதி என்றும் அவரே எழுதுகிறார். பகுதிக்கு முழுமையின் பெயரை வைத்தால் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

தேர்தல் முடிவின் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்வோம். பென்னாகரம் தொகுதியின் பிடிஎஃப் கோப்பில் வாக்குச்சாவடி ஒவ்வொன்றும் ஒரு வரிசை. வேட்பாளர் ஒவ்வொருவரும் ஒரு பத்தி. நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால், செங்குத்தாக அச்சான வேட்பாளர் பெயர்கள் துண்டு துண்டாக விழும். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி வரும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதற்கு வலப்புறம் உள்ள எண்கள் எல்லாம் ஒரு பத்தி இடப்பக்கம் நகர்ந்துவிடும். இவற்றைச் சரிசெய்வதும், கடைசியில் இருக்கும் மொத்த வரிகளையும் தபால் வாக்கு வரியையும் தனியே எடுத்து வைப்பதும்தான் தூய்மை வேலை.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் அட்டவணை ‘டைடி’ ஆகவில்லை. வேட்பாளர் பெயர் என்பது ஒரு தரவு; அது இன்னும் பத்தித் தலைப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் இதன் சிக்கல் நன்றாகத் தெரியும். பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்து தொகுதிகளின் அட்டவணைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட முடியாது. பாலக்கோட்டின் மூன்றாம் பத்தியில் இருப்பவர் வேறு, அரூரின் மூன்றாம் பத்தியில் இருப்பவர் வேறு. தொகுதி, சாவடி, வேட்பாளர், வாக்கு என்று நான்கே பத்திகளாக்கினால் ஐந்தும் சிக்கலின்றிச் சேரும். ‘ஆர்’ மொழியில் அதற்கு ஒரு கட்டளை போதும்:

```r
tidyr::pivot_longer(a, -c(thoguthi, saavadi, sellum),
  names_to = "vetpaalar", values_to = "vaakku")
```

`a` என்பது தொகுதிப் பெயரையும் ஒரு பத்தியாகச் சேர்த்த, ஒரு தொகுதியின் அட்டவணை. மூன்று பத்திகளை இதில் விலக்கியிருக்கிறேன். தொகுதியும் சாவடியும் அடையாளங்கள். `sellum` என்பது படிவத்திலேயே அச்சான செல்லுபடி வாக்குகளின் மொத்தம்; சரிபார்க்க மட்டும் ஐந்தாம் பத்தியாக நிற்கும், பிறகு நீக்கிவிடலாம். அதையும் நீட்டிவிட்டால் அது இன்னொரு வேட்பாளராகி, கூட்டினால் வாக்கு இரட்டிப்பாகும். நோட்டா, நிராகரித்தவை, இறுதி மொத்தம் போன்ற பத்திகளை முன்பே பிரித்து வைத்துவிட வேண்டும். 300 சாவடி, 14 வேட்பாளர் என்றால் 4,200 வரிசை வர வேண்டும். அப்புறம் சாவடிவாரியாக `vaakku`-வைக் கூட்டி `sellum`-உடன் ஒப்பிட வேண்டும். எண்கள் நகர்ந்துபோன வரி பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

இந்த மாற்றத்தை ‘நிரை நிரல் மாற்றம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது எக்செல்லின் ‘டிரான்ஸ்போஸ்’. அதைச் செய்தால் 14 வரிசையும் 300 பத்தியும் கிடைக்கும். அகலம் இன்னும் கூடும். முன்பு தலைப்பில் வேட்பாளர் இருந்தார், இப்போது சாவடி இருக்கிறது, அவ்வளவுதான். இதே வேலைக்கான பழைய ‘மெல்ட்’ கட்டளையைப் பார்த்து ‘உருக்குதல்’ என்பவர்களும் உண்டு. எதை உருக்குகிறோம், உருக்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று படிப்பவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பால் வரும் வினை இது. அந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் ‘உருக்கு’ என்று எழுதமாட்டார்.

என் தேர்வு ‘சீர்பிரித்த தரவு’. செய்யுளைச் சீர் பிரிக்கும்போது ஓர் எழுத்தும் கூடுவதில்லை, குறைவதில்லை. எது எங்கே முடிகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கும் வாக்கு எண்ணிக்கை ஒன்றும் மாறவில்லை. ‘ஒழுங்குத் தரவு’ என்றாலும் பிழையில்லை, ஆனால் அகர வரிசையில் அடுக்கியதையும் ஒழுங்கு என்போம் என்பதால் சற்றுத் தளர்வான சொல். இரண்டு வடிவங்களுக்கும் ‘அகல அட்டவணை’, ‘நீள அட்டவணை’ என்பவையே போதும். மாற்றும் வேலைக்கு ‘நீட்டுதல்’ என்று சொல்லலாம். ‘தூய தரவு’ என்பதை ‘கிளீன் டேட்டா’வுக்கே விட்டுவிட வேண்டும், தலைப்பு வரிகளையும் நகர்ந்த எண்களையும் திருத்தியபின் கிடைப்பதற்கு அதுதான் பொருத்தமான பெயர்.