சிஆர்சி மட்டும் போட்டால் செட்டிங் பிழைக்காது

இந்த வாரமும் அதே புகாரோடு ஒரு பம்ப் ஸ்டார்ட்டர் போர்டு வந்திருக்கிறது. "கரண்ட் போய் வந்தா ஓவர்லோடு செட்டிங் மாறிடுது சார், மோட்டார் எடுத்த உடனே டிரிப் ஆகுது." மாறவில்லை, அழிந்துபோய் டிஃபால்ட் ஏறியிருக்கிறது. சிப் STM32F103. எஸ்டி-லிங்க் மாட்டி, ஃபிளாஷ் மெமரியில் செட்டிங் இருக்க வேண்டிய பேஜைப் படித்தால் 1024 பைட்டும் 0xFF. அதாவது அழிக்கும் வேலை முடிந்திருக்கிறது, எழுதும் வேலை முடியவில்லை.

ஃபர்ம்வேர் எழுதியவரிடம் கேட்டால் எப்போதும் வரும் பதில்: "சிஆர்சி போட்டிருக்கேனே!" போட்டிருக்கிறீர்கள், சரி. சிஆர்சி என்ன செய்யும்? இருக்கும் டேட்டா கெட்டதா நல்லதா என்று சொல்லும், அவ்வளவுதான். கெட்டது என்று தெரிந்தபின் எதை எடுத்துப் போடுவீர்கள்? பழையதை நீங்களே முதலில் அழித்துவிட்டீர்கள், புதியது இன்னும் வரவில்லை, நடுவில் கரண்ட் போனால் உலகத்தில் எங்கேயும் அந்த செட்டிங் இல்லை. நல்ல பிரதி ஒன்று எந்த நொடியிலும் ஃபிளாஷில் இருந்தால்தான் சிஆர்சிக்கே வேலை.

அடுத்த வாதம், "அழிக்க 40 மில்லிசெகண்ட்தானே, அதற்குள் கரண்ட் போக எவ்வளவு வாய்ப்பு?" கரண்ட் எப்போதாவது தற்செயலாகப் போனால் வாய்ப்பு குறைவுதான். ஆனால் செட்டிங்கை மாற்றியதும், நினைவில் இருக்கிறதா பார்க்கலாம் என்று எலக்ட்ரீஷியன் உடனே மெயினை ஆஃப் செய்வார். இந்த போர்டில் இன்னும் மோசம்: மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் எத்தனையாவது ஸ்டார்ட் என்று அதே பேஜில் எழுதுகிறார்கள். மோட்டார் எடுக்கும் நொடியில்தான் வோல்டேஜ் சரிகிறது! சரியான நேரம் பார்த்து அழிக்கிறோம்.

தேய்மானமும் இருக்கிறது. ஓடிய நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கிறது இந்த கோடு. பேஜுக்கு டேட்டாஷீட் உறுதி தருவது 10,000 அழிப்பு. நாளுக்கு 1440 என்றால் ஒரே வாரத்தில் அந்த எல்லை தாண்டிவிடும். அன்றே செத்துவிடாது என்பதுதான் சிக்கல், ஃபேக்டரி டெஸ்டில் பாஸ் ஆகி வயலில் போய் கைவிரிக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. இரண்டு பேஜ் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சேமிப்பும் 32 பைட் பதிவு: வரிசை எண், செட்டிங், கடைசியில் சிஆர்சி. பழையதைத் தொடாமல் அடுத்த காலி இடத்தில் எழுதிக்கொண்டே போங்கள்; ஒரு பேஜில் 32 பதிவு பிடிக்கும். நிரம்பியதும் மற்ற பேஜை அழித்து அங்கே தொடருங்கள். போர்டு எழும்போது சிஆர்சி சரியாக உள்ளவற்றில் பெரிய வரிசை எண் எதுவோ அதுதான் செட்டிங். பாதியில் அறுந்த பதிவு சிஆர்சியில் தோற்கும், முந்தையது அப்படியே இருக்கும். கடைசி நல்ல பதிவு ஒரு பேஜின் 32-ஆவது இடத்தில் இருந்தால், மற்ற பேஜ் 0xFF என்று காட்டினாலும் நம்பாமல் மறுபடி அழியுங்கள். பாதி அழிந்த செல் இன்று 0xFF என்று படிக்கும், நாளை வேறு படிக்கும்.

64 சேமிப்புக்கு ஒரு பேஜ் ஒருமுறைதான் அழிகிறது, ஆக 6,40,000 சேமிப்பு கிடைக்கும். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒன்றேகால் வருடத்துக்குள் காலி. தயவுசெய்து மணிக்கு ஒருமுறை சேமியுங்கள்.

அப்புறம், சப்ளை சரியும்போது எழுதவே வேண்டாம். சிப்புக்குள் சப்ளை வோல்டேஜைக் கண்காணிக்கும் பிவிடியை அதன் உச்ச அளவான சுமார் 2.8 வோல்ட்டில் வைத்து, எழுதும் முன் பாருங்கள்:

```c
if (PWR->CSR & PWR_CSR_PVDO) return;
```

"பெரிய கெபாசிட்டர் போட்டிருக்கோம்" என்பவர்களுக்கு: 3.3 வோல்ட் பக்கம் 470 மைக்ரோஃபாரட், 40 மில்லிஆம்ப் இழுப்பு என்றால், அரை வோல்ட் இறங்க சுமார் 6 மில்லிசெகண்ட். ஒரு பதிவு எழுத ஒரு மில்லிசெகண்ட் சொச்சம், அது தாங்கும். 40 மில்லிசெகண்ட் அழிப்பு தாங்காது. அதனால் பேஜ் நிரம்பிய உடனேயே, மோட்டார் சும்மா இருக்கும்போது, அடுத்ததை அழித்துத் தயாராக வையுங்கள்.

இதே கோடை அப்படியே G0, L4 சிப்புக்கு மாற்றுபவர்கள் கவனம். அங்கே ஃபிளாஷில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி உண்டு. எட்டு பைட்டாகத்தான் எழுத முடியும், பாதியில் அறுந்த இடத்தைப் படிக்கப்போனாலே, தடுக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐ அடிக்கலாம். ஹேண்ட்லர் காலியாக விட்டிருந்தால் போர்டு எழவே எழாது, வாடிக்கையாளர் "டெட்" என்று அனுப்புவார். அந்த ஹேண்ட்லரில் ஈசிசி கொடியை அழித்து, அந்தப் பதிவைக் கெட்டதாகக் குறித்துத் தாண்டிப் போங்கள்.

டெஸ்ட் என்று கையால் நாலு தடவை பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஒரு ரிலேயை வைத்து, சேமிக்கச் சொன்ன நொடியிலிருந்து 0 முதல் 50 மில்லிசெகண்ட் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி சப்ளையை வெட்டி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். எழும்போது பழைய மதிப்போ புதிய மதிப்போ வரலாம். ஒருமுறை டிஃபால்ட் வந்தாலும் போர்டை அனுப்பாதீர்கள்.