புதிதாக வருகிறவர் கேட்பது "இப்போ எழும்பணுமா?" என்றுதான்

எங்கள் சி.எஸ்.ஐ. கோயிலின் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துத் தருகிற அக்காவின் கடை, கோயில் மதிலை ஒட்டியே இருக்கிறது. வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு அவர் காதில் விழுகிறது, உள்ளே வந்ததில்லை. முதன்முறை ஆராதனைக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் எடுத்த வரவேற்பு வீடியோவை அவரிடம்தான் முதலில் காட்டினேன். ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஓடும். டிரோனில் கோபுரத்தைச் சுற்றி வந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையைச் சொல்லி, பிறகு திருவிருந்து ஆராதனையின் ஒவ்வொரு பகுதியையும் நானே பெயர் சொல்லி விளக்கியிருந்தேன்.

பொறுமையாகப் பார்த்து முடித்தவர், "நல்லாயிருக்கு ஐயா. செருப்பை எங்க விடணும்?" என்றார்.

அதோடு நிற்கவில்லை. எங்கே உட்கார வேண்டும், பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கும், பை வரும்போது காசு போட்டே ஆக வேண்டுமா, அந்த அப்பத்தைத் தானும் வாங்கலாமா, வாங்காமல் உட்கார்ந்திருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்டார். இவற்றில் ஒன்றுக்குக்கூட ஆறே முக்கால் நிமிடத்தில் பதில் இல்லை. ஆயத்தம், சுருக்க ஜெபம், விசுவாசப் பிரமாணம் என்று நான் அடுக்கியதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பெயர். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது சத்தம்.

இரண்டாவது முறை எழுதும்போது ஆராதனையை உடம்பின் வழியாகச் சொன்னோம். ஆரம்பப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்போம். அப்போது வேதாகமத்தை ஏந்திக்கொண்டு ஊழியர்கள் பவனியாக வருவார்கள். பாவ அறிக்கைக்கு முழங்கால் படியிடுவோம். முடியாதவர்கள் உட்கார்ந்து தலை குனிந்தால் போதும். வேத வாசகங்களுக்கு உட்காருவோம். நற்செய்தி வாசிக்கும்போது மட்டும் எழுந்து நிற்போம், அது இயேசுவின் வாழ்வையும் வார்த்தைகளையும் சொல்கிற பகுதி என்பதால். பிரசங்கத்துக்கு உட்கார்ந்து, விசுவாசப் பிரமாணத்துக்கு மறுபடி எழுவோம். இவ்வளவும் நாற்பது வினாடியில் முடிந்துவிடுகிறது. காரணத்தைப் பாதி வாக்கியத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். ஆயர்களுக்கு அது லேசான காரியமில்லை.

பாட்டு எண் பலகைக்கு மட்டும் தனியாகப் பத்து வினாடி கொடுத்தோம். எங்கள் புத்தகத்தில் பாமாலைக்கு ஒரு வரிசை எண், கீர்த்தனைக்கு வேறொரு வரிசை எண். பலகையில் "பா", "கீ" என்று ஓரெழுத்துதான் இருக்கும். புதியவர் கீர்த்தனை எண்ணைப் பாமாலைப் பகுதியில் தேடிக் கண்டுபிடித்துப் பாட வாயைத் திறக்கும்போது, சபை வேறு ராகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு விரல் பலகையைக் காட்டி, அதே விரல் புத்தகத்தில் சரியான பகுதியைப் புரட்டுகிற காட்சி ஒன்று வைத்தோம். பேச்சே தேவைப்படவில்லை.

சமாதானம் பகிர்கிற இடத்தையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வழிபாட்டு முறைப்படி, கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைப்பார், இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக அது பின்னால் போகும். சுரியானித் திருச்சபை மரபிலிருந்து வந்த பழக்கம் இது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று கை நீட்டினால், புதிதாக வந்த பெண்கள் திகைத்துப் போகிறார்கள். அதனால், "கை கூப்பி வணக்கம் சொன்னாலும் அது சமாதானம்தான்" என்ற ஒரு வரியைச் சேர்த்தோம். உண்மையில் இப்போது எங்கள் சபையில் பாதிப் பேர் செய்வதும் அதுதான்.

காணிக்கைக்கு ஆறு வினாடி: பை உங்கள் வரிசைக்கு வரும், நீங்கள் விருந்தாளி, அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.

அதிக நாள் பிடித்தது திருவிருந்துதான், அதுவும் கேமராவினால் அல்ல. யார் முன்னே வரலாம் என்று வீடியோவில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் எங்களிடம் இல்லை. திடப்படுத்தல் பெற்றவர்கள் மட்டும் என்றார் ஒரு மூப்பர். வேறு சபையில் நற்கருணை எடுக்கிறவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார் இன்னொருவர். வீடியோ வேலை நின்று, சேகர கமிட்டியில் பேசி முடித்த பிறகே அந்த வரியைப் பதிவு செய்தோம்: "தங்கள் சபையில் திருவிருந்து எடுக்கிறவர்கள் எங்களோடும் எடுக்கலாம். மற்றவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம். விரும்பினால் முன்னே வந்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து முழங்கால் படியிடுங்கள், ஆசீர்வாத ஜெபம் செய்வோம்." உங்கள் சபையின் முடிவு வேறாக இருக்கலாம். எதுவானாலும் முதலில் முடிவு, பிறகு கேமரா. இல்லையென்றால் வீடியோ ஒன்று சொல்லும், பந்தியில் நிற்கிற உதவியாளர் வேறொன்று செய்வார். நடுவில் முழங்காலில் நிற்பது விருந்தாளி.

அமர்ந்திருக்கலாம் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது என்பதும் பிறகு தெரிந்தது. முதல் பதிப்பில் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகிற காட்சிதான் இருந்தது. அதைப் பார்க்கிறவர், உட்கார்ந்திருந்தால் தான் மட்டும் தனியாகத் தெரிவோம் என்றே நினைப்பார். புதிய பதிப்பில், வரிசை நகர்ந்து போகும்போது நடுவயது ஆள் ஒருவர் காலைச் சற்று ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு அப்படியே அமர்ந்திருக்கிறார். நான்கு வினாடிக் காட்சி.

இந்தக் காட்சிகள் எதையும் ஞாயிறு ஆராதனையில் எடுக்கவில்லை. அப்பம் வாங்கும் முகத்தை யாரும் படமெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. சனிக்கிழமை பிற்பகல், சம்மதம் சொன்ன பன்னிரண்டு பேரை வைத்து, வெறும் தட்டோடு எடுத்தோம். எங்கள் கோயிலில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான். மற்ற வாரங்களில் காலை ஆராதனை. எனவே திருவிருந்துப் பகுதியைத் தனித் துண்டாக வைத்து, அது இல்லாத பதிப்பு ஒன்றும் செய்தோம். ஆராதனை நேரத்தைக் குரலில் சொல்லவில்லை, கடைசியில் எழுத்தாகப் போட்டோம். நேரம் மாறினால் அந்த அட்டையை மாற்றினால் போதும். பேருந்தில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒவ்வொரு வரியும் கீழே எழுத்தாக ஓடும். நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போவதில்லை. இருநூற்று முப்பது சொல்லில் எழுதியதால் இரண்டு நிமிடம் இருபது வினாடியில் முடிந்தது. டிரோனும் 1947-ம் போய்விட்டன. கோபுரத்தைப் படமெடுத்த தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அக்காவிடம் மறுபடி காட்டினேன். இந்த முறை செருப்பு விடும் இடம் முதல் பத்து வினாடியிலேயே வந்துவிட்டது. கடைசிவரை பார்த்துவிட்டு, "இதுல பெரிய வாசல் வழியா உள்ள போறாங்க. ஞாயித்துக்கிழமை அது பூட்டியில்ல கிடக்கும்?" என்றார்.

சரிதான். பெரிய வாசலைக் கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும்தான் திறப்போம். மற்ற நாட்களில் எல்லாரும் அவர் கடையைத் தாண்டி, வேப்பமரத்துப் பக்கவாசல் வழியாகத்தான் வருவோம். அடுத்த சனிக்கிழமை கோயில்பிள்ளையைத் தெருவிலிருந்து நடந்து வரச் சொல்லி, முதல் காட்சியை அங்கேயிருந்து எடுத்தோம். தையற்கடைப் பலகையும் அதில் விழுந்திருக்கிறது.