ஹைப்ரிட் சர்ச்: கலப்புத் தேடல்

ஹைப்ரிட் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘ஹிப்ரிடா’ என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. பிறகு செடி, விதை, கார் என்று பலவற்றுக்கும் அந்தச் சொல் போனது. தமிழில் விதைக்கு ‘வீரிய ஒட்டு’ என்றும் விலங்குக்குக் ‘கலப்பினம்’ என்றும் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில், ஒரே கேள்விக்கு இரண்டு விதமாகத் தேடும் கணினி முறையான ஹைப்ரிட் சர்ச் என்பதையும் ‘கலப்பினத் தேடல்’ என்று எழுதுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே இனம் எதுவும் இல்லை, புதிதாக ஒன்று பிறப்பதும் இல்லை. இரண்டு தேடல்கள் தனித்தனியே ஓடி முடிகின்றன, கடைசியில் அவற்றின் முடிவுகள் மட்டும் ஒன்றாகக் கலக்கின்றன. அதனால் ‘கலப்புத் தேடல்’ போதும். ‘இருவழித் தேடல்’ என்றால் இரு முனையிலிருந்து தேடிவரும் வேறொரு கணினி முறையோடு குழம்பும்.

கலக்கும் இரண்டில் ஒன்று சொல்லைச் சொல்லாகவே பார்ப்பது. கேள்வியில் உள்ள சொல் எந்த ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, அந்தச் சொல் மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிது என்று எண்ணி மதிப்பெண் போடும். அரிய சொல்லுக்கு அதிக எடை என்ற கருத்தை 1972-இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். அதன் வழியில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் 1990-களில் உருவாக்கிய பி.எம்.25 என்ற சூத்திரம்தான் இன்றும் பல தேடுபொறிகளில் ஓடுகிறது. இதைச் ‘சொற்பொருத்தம்’ எனலாம்.

இன்னொன்று வெக்டர் வழி. ஒரு வாக்கியத்தை ஓர் ஏ.ஐ. மாடல் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறது. பொருள் நெருங்கிய வாக்கியங்களின் எண் வரிசைகளும் நெருங்கி நிற்கும். வெக்டருக்குத் தமிழ்நாட்டில் ‘திசையன்’ என்ற சொல் உண்டு, பாடநூல்களில் ‘வெக்டர்’ என்றே அச்சிடுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘காவி’. லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவன், காவுதல் என்றாலும் சுமப்பதுதான். மூலப் பொருளுக்கு மிக அருகில் நிற்கும் அருமையான சொல் அது. தமிழ்நாட்டில் காவி நிறத்தோடு குழம்பும் என்பதால் இங்கே வெக்டர் என்றே எழுதுகிறேன். இந்த வழிக்குப் ‘பொருள் நெருக்கம்’ என்பது பொருத்தமான பெயர்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பது பேரிங் விற்கும் கடையில், பொருள் பட்டியலைத் தேடிப் பதில் சொல்லும் சாட்பாட்டை எடுத்துக்கொண்டால் விளங்கும். 6204-2RS என்ற பேரிங் குறியீட்டில் 6 என்பது ஆழ்பள்ளக் குண்டு பேரிங், 2 அதன் அளவு வரிசை. கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்துளை 20 மி.மீ. 2RS என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல், ZZ என்றால் இரு பக்கமும் உலோக மூடி. 6205 என்றால் உள்துளை 25 மி.மீ. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் 20 மி.மீ. ஷாப்டில் அது ஆடும்.

வெக்டருக்கு இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. குறியீட்டை அந்த ஏ.ஐ. மாடல் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கிறது. 6204-2RS, 6205-2RS இரண்டின் விவரக் குறிப்பும் ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள். அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், எது முன்னால் வரும் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், “தண்ணி படுற மோட்டாருக்கு எந்த பேரிங் போடலாம்” என்று ஒருவர் கேட்டால் சொற்பொருத்தம் திணறும். குறிப்பில் ‘ஈரம் புகாத சீல்’ என்று இருக்கும், ‘தண்ணி’ என்ற சொல்லே இருக்காது. அங்கே வெக்டர்தான் கைகொடுக்கும்.

சரி, இரண்டு பட்டியலையும் எப்படிக் கலப்பது? மதிப்பெண்களை அப்படியே கூட்டக்கூடாது. பி.எம்.25-க்கு நிலையான மேல்வரம்பு இல்லை, வெக்டர் நெருக்கமோ ஒன்றைத் தாண்டாது. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் எடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. 2009-இல் கோர்மக், கிளார்க், பியூட்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்டது. தமிழில் ‘தலைகீழ் இடக் கூட்டல்’ எனலாம். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பொருள் பெறும் மதிப்பு இது:

```
1 / (60 + இடம்)
```

ஒருவர் 6204-2RS கேட்கிறார், அது சொற்பொருத்தத்தில் 1-ஆம் இடம், வெக்டரில் 4-ஆம் இடம் என்று வையுங்கள். 1/61 + 1/64, அதாவது 0.0320. 6205-2RS வெக்டரில் 1, சொற்பொருத்தத்தில் 9 (2RS என்ற பகுதி பொருந்துவதால் அதுவும் பட்டியலில் வந்துவிடும்). 1/61 + 1/69, அதாவது 0.0309. சரியான பேரிங் ஜெயித்துவிட்டது.

ஆனால் வெக்டர் பக்கம் முதல் 20 முடிவுகளை மட்டும் எடுத்து, அதில் 6204-2RS இல்லாமல் போனால்? அதற்குக் கிடைப்பது 1/61 மட்டும், 0.0164. 6205-2RS இரண்டிலும் இருப்பதால் அதே 0.0309. எழுத்துப் பிசகாமல் பொருந்திய பொருள் கீழே போய்விட்டது! இரு பட்டியலிலும் ஓரளவு வருவதை, ஒன்றில் மட்டும் முதலில் வருவதற்கு மேலே வைப்பது இந்தக் கூட்டலின் இயல்பு. ‘ஹைப்ரிட் போட்டுவிட்டோம், இனி குறியீடு தவறாது’ என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். கேள்வியில் குறியீடு போன்ற ஒன்று இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, இருந்தால் தரவுத்தளத்தின் குறியீட்டுப் புலத்தில் நேரடியாகத் தேடி, கிடைத்ததைக் கலப்புக்கு அனுப்பாமல் மேலே வைத்துவிடுவதே உறுதியான வழி.

அடுத்த சிக்கல் எழுதும் விதம். தேடுபொறி பொதுவாக 6204-2RS என்பதைச் சிறுகோட்டில் உடைத்து 6204, 2RS என்று இரு துண்டாக வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் 62042RS என்று சேர்த்து அடித்தால் எதுவும் பொருந்தாது. தமிழில் கேட்கும்போது இன்னும் மோசம். ‘6204க்கு விலை என்ன’ என்று இடைவெளி இல்லாமல் எழுதினால், எண்ணும் வேற்றுமை உருபும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடும். ஏனென்றால் யூனிகோடின் பொதுவான சொல் பிரிப்பு விதிகளில் எண்ணுக்கும் அதை ஒட்டிய எழுத்துக்கும் நடுவே வெட்டு கிடையாது. பட்டியலில் ‘6204’ இருக்கிறது, கேள்வியில் ‘6204க்கு’ இருக்கிறது, சொற்பொருத்தத்துக்கு இரண்டும் அந்நியம். அப்புறம் மிஞ்சுவது வெக்டர் மட்டும், அதுவோ 6205-ஐக் கொண்டுவந்து நீட்டும். இதற்கு மருந்து இரண்டு. கேள்வியில் தமிழ் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பிரிப்பது ஒன்று. ஒவ்வொரு குறியீட்டையும் கோடு, இடைவெளி எல்லாம் நீக்கிய வடிவில் இன்னொரு புலத்தில் சேமித்து, கேள்வியில் உள்ள குறியீட்டையும் அதே மாதிரி சுருக்கி ஒப்பிடுவது மற்றொன்று.

கடையில் இல்லாத குறியீட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சொற்பொருத்தம் வெறும் கையோடு திரும்பலாம். வெக்டர் அப்படித் திரும்பாது. எப்போதும் அருகில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தந்துவிடும், சாட்பாட் அதை நம்பிப் பதில் எழுதும். கேட்ட குறியீடு பட்டியலில் இல்லையென்றால் இல்லை என்று முதலில் சொல்லி, மாற்று வேண்டுமா என்று பிறகு கேட்கும்படி அமைக்க வேண்டும்.

இதையெல்லாம் சோதிக்கப் பதிலைப் படித்துப் பார்ப்பது உதவாது, தவறான பதிலும் அழகாகத்தான் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு குறியீட்டையும் கோட்டோடும், கோடில்லாமலும், ‘க்கு’ ஒட்டியும் கேள்வியாக அனுப்பி, அதே பொருள் முதல் இடத்தில் வருகிறதா என்று தேடல் முடிவில் எண்ணிப் பாருங்கள். எந்த வடிவில் எண்ணிக்கை குறைகிறதோ, பழுது அங்கே இருக்கிறது.