அடுத்த வெள்ளியும் திங்களிலிருந்து பதினைந்து நாளும்: கெடு எந்தத் தேதியில் முடிகிறது?

2026 ஜூன் 1, திங்கட்கிழமை. ஒருவர் கையில் வக்கீல் நோட்டீஸ் கிடைக்கிறது. "இது கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பணத்தைக் கட்டவும்" என்று அதில் இருக்கிறது. கடைசி நாள் எது?

வீட்டில் கேட்டால் விரல் விட்டு எண்ணி, ஜூன் 15, திங்கள் என்பார்கள். நோட்டீஸ் வந்த நாளையே ஒன்று என்று வைத்து எண்ணுவது நம் ஊர்ப் பழக்கம். திங்களுக்குத் திங்கள் எட்டு நாள், அதற்கடுத்த திங்கள் பதினைந்து நாள் என்றுதான் பேசுகிறோம். "இரண்டு வாரம்" என்று சொன்னாலும் அதே ஜூன் 15தான் வரும், கணக்கில் அது பதினான்கு நாளாக இருந்தாலும். பேச்சில் பதினைந்து நாளும் இரண்டு வாரமும் ஒன்றாகிவிடுவது இதனால்தான்.

சட்டத்தின் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு. இரண்டு வாரம் என்றால் ஜூன் 15. பதினைந்து நாள் என்றால் ஜூன் 16, செவ்வாய். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் வழக்கே கவிழ்ந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கு அடிப்படை 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம். மத்திய அரசின் சட்டங்களில் வரும் சொற்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. அதன் 9-ஆவது பிரிவு சொல்வது எளிது: ஒரு நாளி'லிருந்து' என்று கெடு ஆரம்பித்தால் அந்த முதல் நாள் கணக்கில் சேராது. ஒரு நாள் 'வரை' என்று முடிந்தால் அந்தக் கடைசி நாள் சேரும். முதல் நாளை விடுவதற்குக் காரணம் இருக்கிறது. தபால்காரர் மாலை நான்கு மணிக்குத்தான் நோட்டீஸைக் கொடுத்தார் என்றால் அன்றைய நாளில் பெரும்பகுதி போய்விட்டது. அதை முழு நாளாக எண்ணினால், சட்டம் கொடுத்த அவகாசத்தில் ஒரு துண்டை வெட்டியது போலாகும். அதனால் ஜூன் 2-தான் முதல் நாள். பதினைந்தாவது நாள் ஜூன் 16, அந்த நாள் முடியும்வரை அவகாசம் உண்டு.

"ஜூன் 1 முதல் ஜூன் 5 வரை விடுப்பு" என்று எழுதும்போது மட்டும் யாரும் முதல் நாளை விடுவதில்லை. அங்கே சொல்லப்படுவது இரண்டு எல்லைகள், இரண்டும் உள்ளே இருக்கின்றன. ஒரு நிகழ்ச்சி நடந்து, அதற்குப் பிறகு இத்தனை நாள் என்று ஓடும் கெடுவுக்குத்தான் முதல் நாளை விடும் விதி.

இது மிகவும் உறைப்பது செக் பவுன்ஸ் வழக்குகளில். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி, செக் திரும்பியது என்று வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால் வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அது பிறந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 142-ஆவது பிரிவு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கெடு. ஒவ்வொன்றிலும் முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி வரும்.

சாகேத் இந்தியா வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் செய்த கணக்கை அப்படியே பார்க்கலாம். நோட்டீஸ் கிடைத்தது 1995 செப்டம்பர் 29. அந்த நாளை விட்டு, 30-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் பதினைந்தாவது நாள் அக்டோபர் 14. அதுவரை பணம் வரவில்லை, ஆகவே அக்டோபர் 15 அன்று வழக்குரிமை பிறந்தது. புகார் தாக்கலானது நவம்பர் 15. எதிர்த்தரப்பு ஒரு நாள் தாமதம் என்றது. நீதிமன்றமோ, வழக்குரிமை பிறந்த அக்டோபர் 15-ஐயும் விட வேண்டும், எனவே நவம்பர் 15 அன்று போட்டது கெடுவுக்குள்தான் என்றது. அதே ஆண்டில் வேறொரு வழக்கில் இதற்கு ஒத்துவராத தீர்ப்பு ஒன்றும் வந்து குழப்பியது. கடைசியில் 2013-இல் எக்கான் அன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சாகேத் கணக்குதான் சரி என்று முடித்து வைத்தது.

நம் ஜூன் 1 நோட்டீஸ் செக் பவுன்ஸுக்கு வந்தது என்று வைத்து இதைப் பொருத்திப் பார்ப்போம். பணம் கட்டக் கடைசி நாள் ஜூன் 16. வழக்குரிமை பிறப்பது ஜூன் 17, புதன். புகார் தரக் கடைசி நாள் ஜூலை 17, வெள்ளி.

இப்போது நோட்டீஸ் அனுப்பியவர் வீட்டுக் கணக்குக்காரராக இருந்தால் என்ன செய்வார் என்று யோசியுங்கள். ஜூன் 15-உடன் கெடு முடிந்தது என்று நினைத்து, 16-ஆம் தேதி காலையிலேயே புகாரைத் தாக்கல் செய்துவிடுவார். சுறுசுறுப்புதான், ஆனால் அவகாசம் முடியும் முன் போட்ட புகாரை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது என்று யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பதினைந்து நாள் பின்னால் தானாகக் கடந்துவிட்டாலும் அந்தப் புகார் உயிர் பெறாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு நாள் தாமதமானால்கூடத் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க 142-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அவசரப்பட்டதற்கு அப்படி எதுவும் இல்லை.

இதனால்தான், சந்தேகம் வந்தால் முந்தைய தேதியை எடுத்துக்கொள் என்ற வழக்கமான புத்திமதியை நான் பாதிதான் ஏற்பேன். நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு அது சரி: பணம் கட்ட, பதில் அனுப்ப, மேல்முறையீடு செய்ய. அடுத்தவருடைய அவகாசம் முடிந்த பிறகே நீங்கள் ஒன்றைச் செய்யலாம் என்ற இடத்தில் பிந்தைய தேதிதான் பத்திரம்.

மாதக் கணக்கு தனி. அதே 1897 சட்டம், மாதம் என்றால் ஆங்கில நாட்காட்டி மாதம் என்கிறது. 30 நாள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஜூன் 17-இலிருந்து ஒரு மாதம் ஜூலை 17, முப்பது நாளும் ஜூலை 17. இது தற்செயல். ஜூலை 17-இலிருந்து எடுத்தால் ஒரு மாதம் ஆகஸ்ட் 17, முப்பது நாள் ஆகஸ்ட் 16. ஜனவரி 31-இலிருந்து ஒரு மாதம் என்றால் பிப்ரவரியின் கடைசி நாள்.

சரி, கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். பொதுத் தகவல் அலுவலருக்கு மனு கிடைத்தது 2026 ஜூன் 3, புதன். பதில் தர 30 நாள். ஜூன் 3-ஐ விட்டு எண்ணினால் ஜூலை 3, வெள்ளி. பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்கு அதிலிருந்து 30 நாள், அதாவது ஆகஸ்ட் 2. அது ஞாயிறு. ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 10-ஆவது பிரிவு இங்கே கைகொடுக்கிறது: நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அந்த இடம் மூடியிருந்தால், அடுத்து திறக்கும் நாளில் செய்தாலும் கெடுவுக்குள் செய்ததாகவே கொள்ளப்படும். ஆகவே ஆகஸ்ட் 3, திங்கள் அன்று மேல்முறையீடு கொடுக்கலாம். நடுவில் வரும் விடுமுறைகள் எத்தனையாக இருந்தாலும் கணக்கில் கழியாது. 'வேலை நாட்கள்' என்று விதியிலேயே எழுதியிருந்தால்தான் கழியும்.

இந்தச் சலுகை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. தவணை குறித்த புரோநோட்டில் விடுமுறை நம்மை முன்னால் தள்ளாது, பின்னால் இழுக்கும். 2026 மே 18 அன்று எழுதிய நோட்டில் "ஒரு மாதத்தில் தருகிறேன்" என்று இருந்தால், ஜூன் 18, அதன்மேல் சட்டம் தரும் மூன்று சலுகை நாள், ஆக ஜூன் 21 வருகிறது. அது ஞாயிறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, தவணை நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளில் பணம் தர வேண்டும். அதாவது ஜூன் 20, சனி. கேட்டதும் தர வேண்டிய சாதாரண புரோநோட்டுக்கு இந்தச் சலுகை நாளும் இல்லை, தவணை நாளும் இல்லை.

இனி 'அடுத்த வெள்ளி'. நான் மேலே சொன்ன எந்தப் பிரிவும் இதற்கு உதவாது. 'இலிருந்து' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கம் உண்டு, 'அடுத்த' என்பதற்கு இல்லை. ஜூன் 3, புதன்கிழமை ஒருவர் "அடுத்த வெள்ளி வாங்க" என்றால் சிலருக்கு அது நாளை மறுநாள், ஜூன் 5. பலருக்கு ஜூன் 5 'வர்ற வெள்ளி', அடுத்த வெள்ளி என்றால் ஜூன் 12. சனிக்கிழமை சொன்னால் இந்தச் சண்டை இல்லை, எல்லாருக்கும் 12-தான். ஞாயிறு, ஜூன் 7 அன்று "அடுத்த வாரம் வெள்ளி" என்றால் மறுபடி சிக்கல். சுவரில் தொங்கும் காலண்டரில் வாரம் ஞாயிறில் தொடங்குகிறது, அதன்படி ஜூன் 19. திங்களில் வாரம் தொடங்குவதாக வைத்துப் பழகிய அலுவலகக்காரருக்கு ஜூன் 12.

இப்படிப்பட்ட சொல் ஒப்பந்தத்தில் இருந்து தகராறு வந்தால், இரு தரப்பும் எந்த நாளை மனதில் வைத்திருந்தார்கள் என்பதை மற்றக் கடிதங்களையும் நடந்துகொண்ட விதத்தையும் வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும். அதைவிட, "அப்போ 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமைதானே?" என்று ஒரு குறுஞ்செய்தியில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது சுலபம். தேதியையும் கிழமையையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

நீதிமன்ற வாய்தாவுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். "இரண்டு வாரம் கழித்து" என்று நீதிபதி சொல்வது அந்தக் கிழமையிலேயே பட்டியலில் வரும் என்ற உறுதி அல்ல, இரண்டு வாரத்துக்கு முன் வராது என்பதுதான் அதன் பொருள். ஈகோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு, Next Hearing Date என்ற இடத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.